ஜிஎஸ்டி நோட்டீஸை ஒரே பக்கத்தில் சுருக்குவது எப்படி?

கடந்த சில ஆண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொத்துக் கொத்தாக ஒரே மாதிரியான ஜிஎஸ்டி வழக்குகள் வந்தன. துறை அனுப்பிய நோட்டீஸ் தங்கள் கண்ணிலேயே படவில்லை, பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் வரி விதித்துவிட்டார்கள் என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். நோட்டீஸ் தபாலில் வந்திருக்காது. ஜிஎஸ்டி இணையதளத்தில் `View Additional Notices/Orders` என்ற தனிப் பக்கத்தில் கிடந்திருக்கும். பல வழக்குகளில், தகராறுக்குரிய வரியில் 10 சதவீதம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது.

நோட்டீஸைப் பார்த்தவர்களுக்கும் சிக்கல் உண்டு. பத்துப் பதினைந்து பக்கத்தில் சட்டப் பிரிவுகளும் அட்டவணைகளுமாக வரும் அதில் பலர் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஆடிட்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதிலுக்குத் தேவையான பில்லும் லெட்ஜரும் கடையில்தான் இருக்கின்றன. எது எதற்கு வேண்டும் என்று தெரியாததால் அவை கடைசி வாரத்தில்தான் தேடப்படுகின்றன. எவ்வளவு கேட்கிறார்கள், எந்த இனங்களுக்காகக் கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் பதில், என்னென்ன ஆவணம் என்ற நான்கையும் நோட்டீஸ் வந்த முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிவிட்டால் இந்தத் தடுமாற்றம் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தென் மாவட்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. 2021-22 நிதியாண்டுக்காக, 15.9.2025 தேதியிட்ட நோட்டீஸ் DRC-01 படிவத்தில் வந்திருக்கிறது. கடைக்காரர் தொகையைச் சொல்லிப் பதற, ஆடிட்டர் முதலில் கேட்பது வேறு: "அண்ணாச்சி, எந்த செக்‌ஷன்ல போட்டிருக்காங்கன்னு பாருங்க. 73-ஆ, 74-ஆ?"

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 73-ஆவது பிரிவு, மோசடி ஏதுமில்லாமல் வரி குறைந்துபோன இனங்களுக்கானது. அதில் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. 74-ஆவது பிரிவு மோசடி, வேண்டுமென்றே தவறான தகவல் தருதல், உண்மையை மறைத்தல் ஆகியவற்றுக்கானது. அதில் அபராதம் வரித்தொகை அளவுக்கே போகலாம். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு இரண்டும் சேர்ந்து 74A என்ற ஒரே பிரிவாகிவிட்டன. 74 என்று போட்டுவிட்டு, எதை மறைத்தார்கள் என்று நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லையென்றால், பதிலில் அதையே முதல் ஆட்சேபமாக வைக்கலாம். நம் எடுத்துக்காட்டில் இருப்பது 73.

தொகையைப் பிரிப்பது

DRC-01 என்பது சுருக்கப் படிவம்தான். குற்றச்சாட்டின் விவரம் அதனுடன் இணைத்த கோப்பில் இருக்கும். இரண்டையும் பதிவிறக்கி, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனி வரிசையில் வருவதால், ஒரே இனம் இரண்டு முறை கூட்டப்பட்டுவிட்டதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தக் கடைக்கு வரி 2,74,000 ரூபாய். ஆண்டுக்கு 18 சதவீதம் வீதம் வட்டி 1,77,552. அபராதம் 27,400. மொத்தம் 4,78,952. கடைக்காரர் பதறியது இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான். வட்டியும் அபராதமும் வரியின் நிழலாகவே வருகின்றன. வரியில் எது விழுகிறதோ அதற்கான வட்டியும் அபராதமும் கூடவே விழும். எனவே சுருக்கத்தில் வரியை முதல் வரியாக, தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இனங்களைப் பிரிப்பது

உழைப்பு முழுவதும் கேட்கும் இடம் இதுதான். இணைப்புக் கோப்பில் மூன்று இனங்கள் இருக்கின்றன. GSTR-3B-யில் எடுத்த உள்ளீட்டு வரி, GSTR-2A-வில் தெரிவதைவிட 1,84,000 ரூபாய் அதிகம். இ-வே பில்லின்படி வெளியே போன சரக்கைவிட, விற்பனையாகக் காட்டியது 4 லட்சம் ரூபாய் குறைவு, அதற்கு வரி 72,000. லாரி வாடகைக்கு, வாங்குபவரே கட்ட வேண்டிய ரிவர்ஸ் சார்ஜ் வரி 18,000.

முதல் இனத்தை 1,84,000 என்று ஒரே தொகையாக வைத்துக்கொண்டு பதில் எழுத முடியாது. கொள்முதல் பதிவேட்டையும் GSTR-2A பட்டியலையும் பில் வாரியாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், அது மூன்றாக உடைகிறது.

96,000 ரூபாய் ஒரே சப்ளையருடைய பில்கள். ஆகஸ்ட் 2021-இல் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல், சாதாரண நுகர்வோருக்கு விற்றதுபோல அவர் கணக்குக் காட்டிவிட்டார். சரக்கு வந்தது, வரியோடு பணமும் போனது, பட்டியலில் மட்டும் பில் வரவில்லை. இப்படிப்பட்ட இனங்களுக்காகவே மத்திய மறைமுக வரி வாரியத்தின் 193-ஆம் எண் சுற்றறிக்கை (2023) இருக்கிறது. ஏப்ரல் 2019 முதல் டிசம்பர் 2021 வரையிலான காலத்துக்கு, ஒரு சப்ளையரிடமிருந்து ஓராண்டில் வந்த வித்தியாசம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த சப்ளையர் தரும் சான்று போதும். அதற்கு மேல் போனால் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று வேண்டும். அந்தந்தக் காலத்தில் விதி 36(4) வைத்திருந்த வரம்பும் பொருந்தும். 2021-இல் அந்த வரம்பு 5 சதவீதம்.

58,000 ரூபாய் மார்ச் 2022 பில்கள். இன்னொரு சப்ளையர் அவற்றை ஏப்ரல் மாதக் கணக்கில்தான் காட்டினார். அதனால் அவை அடுத்த ஆண்டுப் பட்டியலில் இருக்கின்றன. வரி அரசுக்குப் போய்விட்டது, கடை அதை ஒரு மாதம் முன்பே வரவு வைத்துக்கொண்டது என்பதுதான் குறை. அந்த வரவைப் பயன்படுத்தியும் இருந்தால் ஒரு மாத வட்டி, சுமார் 860 ரூபாய் வரலாம். இங்கே அதிகாரி கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி, ஏப்ரலில் அதே பில்களுக்கு மறுபடி வரவு எடுத்தீர்களா என்பது. எடுக்கவில்லை என்று காட்ட ஏப்ரல், மே மாதக் கொள்முதல் பதிவேடுகளும் கையில் இருக்க வேண்டும்.

மீதி 30,000 ரூபாய்க்குச் சப்ளையரின் பதிவே ரத்தாகியிருக்கிறது. கடையிலும் அசல் பில் இல்லை. இதற்கு வாதாட வழியில்லை.

இ-வே பில் இனத்திலும் இதே முறைதான். 2,50,000 ரூபாய் சரக்கு அதே ஊரில் உள்ள சொந்தக் குடோனுக்கு மாற்றப்பட்டது, விற்பனையே இல்லை. 1,50,000 ரூபாய் சரக்கு ஏற்றிய லாரி பழுதாகி நின்றதால், மறுநாள் புதிய பில்லும் புதிய இ-வே பில்லும் போட்டு அனுப்பினார்கள். பழைய இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யத் தவறியதால் அது கணக்கில் நிற்கிறது.

லாரி வாடகை இனம் உண்மைதான். 3,60,000 ரூபாய் வாடகைக்கு 5 சதவீத வரி கட்டப்படவில்லை.

ஆக, ஒப்புக்கொள்ள வேண்டியது 30,000-மும் 18,000-மும் சேர்ந்து 48,000. மறுக்க வேண்டியது 2,26,000. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் என்று மிரட்டிய நோட்டீஸில், கட்டியே தீர வேண்டியது வரியும் வட்டியுமாக 80,000-க்குள் அடங்குகிறது. 30,000 ரூபாய் வரவைப் பயன்படுத்தாமல் லெட்ஜரிலேயே விட்டு வைத்திருந்தால் அதற்கு வட்டியும் கிடையாது. விதி 88B அப்படித்தான் சொல்கிறது. எலக்ட்ரானிக் கிரெடிட் லெட்ஜரின் மீதியைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

தேதியும் தாளும்

நோட்டீஸில் பொதுவாக இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று பதிலுக்கு, இன்னொன்று நேரடி விசாரணைக்கு. இங்கே 15.10.2025, 22.10.2025. கடைக்காரர் பார்த்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. இணையதளத்தில் ஏற்றினாலே சட்டப்படி கொடுத்ததாக ஆகிவிடும் என்று 169-ஆவது பிரிவு சொல்கிறது. மூன்றாவதாக ஒரு தேதி இருக்கிறது, அதைப் பலர் குறித்துக்கொள்வதில்லை. 73-ஆவது பிரிவு நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் கிடையாது. 74A-வில் இந்த அவகாசம் 60 நாள். ஒப்புக்கொண்ட 48,000-ஐ அதற்குள் DRC-03 மூலம் கட்டி, அந்தப் பகுதிக்கு அபராதம் வேண்டாம் என்று பதிலில் கேட்க வேண்டும். தாள்கள் சேரவில்லை என்றால் தேதிக்கு முன்பே எழுத்தில் காரணம் சொல்லி அவகாசம் கேட்கலாம். 75(5) பிரிவின்படி மூன்று முறைக்கு மேல் தள்ளிவைக்க மாட்டார்கள்.

ஆவணப் பட்டியலை இனங்களுக்கு எதிரேதான் எழுத வேண்டும். கடைக்காரரின் ஒரு பக்கச் சுருக்கம் இப்படி இருக்கும்:

- கோரிக்கை: வரி 2,74,000, வட்டி 1,77,552, அபராதம் 27,400. பிரிவு 73, ஆண்டு 2021-22.
- எண் போடாத பில்கள், 96,000, மறுப்பு: அசல் பில்கள், பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரம், சரக்கு வந்த பதிவு, சப்ளையர் சான்று.
- மார்ச் பில்கள், 58,000, மறுப்பு: ஏப்ரல் 2022 GSTR-2B, மார்ச் முதல் மே வரை கொள்முதல் பதிவேடு.
- ரத்தான சப்ளையர், 30,000, ஏற்பு: கிரெடிட் லெட்ஜர், DRC-03.
- இ-வே பில், 72,000, மறுப்பு: டெலிவரி சலான், குடோன் முகவரி உள்ள பதிவுச் சான்று, ரத்தான பில், மறுநாள் பில், இருப்புப் பதிவேடு.
- லாரி வாடகை, 18,000, ஏற்பு: DRC-03.
- தேதிகள்: பதிலுக்கும் அபராதமின்றிக் கட்டவும் 15.10.2025, விசாரணை 22.10.2025.

இதே ஆண்டுக்கு முன்பே ASMT-10 வந்து, விளக்கத்தை ஏற்று ASMT-12 கொடுத்து முடித்திருந்தால் அந்தத் தாளையும் சேர்க்க வேண்டும். முடிந்துபோன இனம் மறுபடி நோட்டீஸில் தலைகாட்டுவது உண்டு. பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டவர்களுக்குத்தான் சிக்கல். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2021-22-க்கு அது 31.12.2028 வரை.

பதில் DRC-06 படிவத்தில் போகிறது. அதில் நேரடி விசாரணை வேண்டுமா என்ற இடத்தில் வேண்டும் என்று குறிப்பது நல்லது. விசாரணைக்குப் போகும்போது இந்த ஒரு பக்கத்தை அதிகாரியின் மேஜையில் வைத்தால், பேச்சு 4,78,952-ஐ விட்டு 2,26,000-க்கு வந்துவிடும். நோட்டீஸில் சொல்லாத காரணத்துக்காகவோ, நோட்டீஸில் கேட்டதைவிட அதிகமாகவோ உத்தரவு போடக் கூடாது என்று 75(7) பிரிவு தடுக்கிறது. ஆகவே பின்னர் DRC-07 உத்தரவு வந்தால், அதை இந்தப் பக்கத்தோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஏற்கவில்லை என்றால் மூன்று மாதத்துக்குள், தகராறு வரியில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும்.