நீர்விடாத, புளிக்காத முட்டை சாலட்

வேகவைத்த முட்டையை நறுக்கி, மயோனைஸும் கடுகு விழுதும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து ரொட்டிக்குள் வைக்கும் பூரணமே முட்டை சாலட். மேற்கத்திய நாடுகளில் இது மதியச் சாப்பாட்டுக்கும் உல்லாசப் பயணத்துக்கும் எடுத்துப் போகிற எளிய உணவு. வெயில் காலத்தில் இதற்கு இரண்டு கேடுகள் நேர்கின்றன. ஒன்று, நீர்விட்டு ரொட்டி ஊறிப்போவது. மற்றொன்று, புளித்துக் கெடுவது. இரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு.

நீர் மூன்று வழிகளில் வருகிறது. வெள்ளைக்கருவின் பெரும்பகுதி நீர்தான். அளவுக்கு மீறி வேகும்போது அதிலுள்ள புரதம் இறுகி, பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. முட்டை சூடாக இருக்கும்போதே கலந்து மூடிவைத்தால், ஆவி மூடியில் படிந்து சொட்டுகிறது. அந்தச் சூட்டில் மயோனைஸும் இளகுகிறது. மூன்றாவது வழி வெங்காயம், வெள்ளரி, செலரி போன்றவை. உப்பு பட்டதும் இவை சிறிது நேரத்தில் சாற்றை விட்டுவிடும். கலந்தபோது கெட்டியாக இருந்தது ஒரு மணி நேரம் கழித்துத் தளர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆறு முட்டைக்கான ஒரு முறையைப் பார்க்கலாம். கொதிக்கும் நீரில் முட்டைகளை மெல்ல இறக்கி, பதினோரு அல்லது பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, உடனே ஐஸ் போட்ட தண்ணீருக்கு மாற்ற வேண்டும். கால் மணி நேரத்தில் உள்சூடு தணிந்துவிடும். தோலுரித்தபின் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, குளிர்பதனப் பெட்டியில் நன்றாகக் குளிரவிட வேண்டும். அதற்குள் இரண்டு மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் கால் தேக்கரண்டி உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, இறுக்கிப் பிழிந்து சாற்றைக் கொட்டிவிடலாம்.

கலக்கும் வரிசையும் முக்கியம். மஞ்சள்கருக்களைத் தனியே எடுத்து, நான்கு மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு தேக்கரண்டி கடுகு விழுதுடன் மசித்தால் கெட்டியான விழுது கிடைக்கும். வெந்த மஞ்சள்கரு மாவுபோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், பின்னால் கசியும் நீரையும் ஓரளவு தாங்கும். இதில் நறுக்கிய வெள்ளைக்கருவையும் பிழிந்த வெங்காயத்தையும் மிளகுத்தூளையும் கிளறிச் சேர்த்து, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடலாம். கொழுப்பு குறைத்த மயோனைஸில் எண்ணெய் குறைவு, நீர் அதிகம். அதனால் கலவை சீக்கிரம் தளரும்.

மயோனைஸில் வினிகர் இருப்பதால் கலவை கெடாது என்று பலர் நம்புகிறார்கள். மயோனைஸ் தனியாக இருக்கும்வரை அதன் அமிலம் கிருமிகளைத் தடுப்பது உண்மையே. ஆனால் வெள்ளைக்கரு காரத்தன்மை கொண்டது. ஆறு முட்டையோடு நான்கு கரண்டி மயோனைஸ் சேரும்போது அமிலம் மட்டுப்பட்டு, அந்தத் தடுப்பு வலுவிழக்கிறது. எலுமிச்சைச் சாற்றை நிறையப் பிழிந்து ஈடுகட்டப் பார்த்தால் கலவை நீர்த்துவிடும். மயோனைஸுக்குப் பதில் தயிர் சேர்த்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் வெயிலில் வேலையைத் தொடரும். கலவை புளிப்பதோடு தண்ணீரும் பிரியும்.

ஆகவே கெடாமல் காப்பது குளிர்ச்சியே. ஐந்து டிகிரி செல்சியஸுக்கும் அறுபது டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. குளிர்பதனப் பெட்டியில், நான்கு டிகிரியில், மூன்று நான்கு நாள் தாங்கும். ஆழமான பாத்திரத்தைவிட அகலமான தட்டைப் பாத்திரத்தில் வைத்தால் நடுப்பகுதியும் விரைவில் குளிரும். உறைநிலைப் பெட்டி உதவாது. உறைந்து உருகும்போது மயோனைஸ் பிரிந்து வெள்ளைக்கரு ரப்பராகிவிடும்.

புளித்த வாடையும், மேலே நிற்கும் கலங்கிய நீரும் கெட்டதன் அடையாளம். வாடை இல்லை என்பதால் மட்டும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கையிலிருந்து சேரக்கூடிய ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சுரக்கும் நஞ்சு, மணத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. சால்மோனெல்லாவும் அப்படியே. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்ததும் இத்தகைய ஆபத்தைக் கருதியே. அதனால் பாஸ்சரைஸ் செய்த முட்டையில் ஆனதோ, முட்டையில்லாததோ வாங்குவதே நல்லது.

எடுத்துப் போகும்போது பூரணத்தையும் ரொட்டியையும் தனித்தனியாக வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பூரண டப்பாவை ஒட்டி அடுக்க வேண்டும். முன்கூட்டியே சாண்ட்விச் செய்துவைப்பதானால் ரொட்டியின் உட்புறம் முழுவதும் வெண்ணெய் தடவலாம். அது ஈரம் இறங்குவதைத் தாமதப்படுத்தும். வெயிலில் நேரம் கடந்து கிடந்த கலவையை மீண்டும் குளிரவைத்தாலும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, கொட்டிவிடத்தான் வேண்டும்.