ஐந்து வோல்ட்டுக்கு ஏழரை

சுற்றில் இருப்பது ஒரே ஒரு மின்மூலம். அதுவும் 5 வோல்ட்தான். ஆனால் அதே சுற்றில் உள்ள கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் இடையே, ஒரு கணத்துக்கு, 7.6 வோல்ட் தெரிகிறது. கருவியில் கோளாறு இல்லை. ஆற்றல் எங்கிருந்தோ இலவசமாக வந்துவிடவும் இல்லை. ரெசிஸ்டர், இண்டக்டர், கெபாசிட்டர் மூன்றையும் வரிசையாகக் கோத்து, சுவிட்சைச் சட்டென்று போட்டால் நடப்பது இது. ஏழரை வருமா வராதா என்பதை முன்கூட்டியே சொல்ல ஜாதகம் வேண்டாம். தணிப்பு விகிதம் என்ற ஒற்றை எண் போதும்.

கணக்கு எளிதாக வரும்படி பொருள்களைத் தேர்ந்துகொள்வோம். இண்டக்டர் 10 மில்லிஹென்றி, கெபாசிட்டர் 1 மைக்ரோஃபாரட். இவை இரண்டையும் மாற்றப் போவதில்லை. ரெசிஸ்டரை மட்டும் மாற்றப் போகிறோம். கவனிக்க வேண்டியது கெபாசிட்டரின் மின்னழுத்தம்.

சுவிட்ச் போட்டவுடன் கெபாசிட்டர் காலியாக இருக்கிறது. இண்டக்டரின் குணம், தன் வழியே ஓடும் மின்னோட்டம் திடீரென்று மாறுவதை அனுமதிக்காதது. ஆகவே மின்னோட்டம் பூஜ்யத்தில் தொடங்கி மெல்லத்தான் ஏறும். கெபாசிட்டர் நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தம் 5 வோல்ட்டை நெருங்குகிறது. நெருங்கிய அந்த நேரத்தில் மின்னோட்டம் நின்றுவிட்டால் கதை முடிந்தது. ஆனால் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்காததுபோல, இண்டக்டரின் காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றல் மின்னோட்டத்தை மேலும் தள்ளுகிறது. கெபாசிட்டர் 5 வோல்ட்டைத் தாண்டி நிரம்புகிறது. பிறகு அங்கிருந்து மின்னோட்டம் எதிர்த்திசையில் திரும்பி, 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. இந்த ஊசலாட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கித் தின்பது ரெசிஸ்டர் மட்டுமே. அது எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்த வேகத்தை அளக்கும் எண்ணை ζ என்று எழுதுவார்கள். ஜீட்டா என்பது அதன் பெயர். வரிசைச் சுற்றுக்கு அதன் சூத்திரம் இது:

ζ = (R/2) × √(C/L)

நம் சுற்றில் L-ஐ C-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 100 ஓம் வரும். ஆகவே ζ என்பது R-ஐ 200-ஆல் வகுத்தால் கிடைப்பது, அவ்வளவுதான். 200 ஓம் வைத்தால் ζ சரியாக 1. அதுதான் எல்லைக்கோடு; மாறுநிலைத் தணிவு என்பது அந்த நிலை. கல்லூரி ஆய்வகங்களில் கிரிட்டிக்கல் டேம்பிங் என்றே சொல்வார்கள். ζ ஒன்றுக்குக் கீழே என்றால் குறைதணிவு. மின்னழுத்தம் தாண்டி ஆடும். ஒன்றுக்கு மேலே என்றால் மிகைதணிவு, தாண்டவே தாண்டாது.

முதலில் 40 ஓம் வைப்போம். ζ = 0.2. சுவிட்ச் போட்டு 0.32 மில்லிநொடியில் கெபாசிட்டர் 7.63 வோல்ட் வரை ஏறுகிறது. அடுத்த 0.32 மில்லிநொடியில் 3.6 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பிறகு 5.7 வோல்ட், இப்படியே குறைந்துகொண்டு வந்து, 5 வோல்ட்டின் இரண்டு சதவீத எல்லைக்குள் அடங்குவதற்கு ஏறக்குறைய 2 மில்லிநொடி ஆகிறது.

அடுத்து 500 ஓம். ζ = 2.5. ஆட்டமே இல்லை, மின்னழுத்தம் அடக்கமாக ஏறுகிறது. ஆனால் அதே இரண்டு சதவீத எல்லைக்குள் வர 1.9 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது! காரணம் வேறு. இங்கே ரெசிஸ்டரே மின்னோட்டத்தை நெரிக்கிறது. இண்டக்டருக்குப் பெரிய வேலை இல்லை. கெபாசிட்டர் சொட்டுச் சொட்டாக நிரம்புகிறது. ஒன்று ஆடி ஆடித் தாமதிக்கிறது, மற்றது தயங்கித் தயங்கித் தாமதிக்கிறது. கடைசியில் இரண்டும் ஒரே நேரத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

நடுவில் 200 ஓம் வைத்தால் 0.58 மில்லிநொடியிலேயே வேலை முடிகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாறுநிலைத் தணிவே மிக வேகமானது என்று பல பாடக்குறிப்புகளில் பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பதற்கு இதுதான் அடிப்படை. அந்த வாக்கியத்தோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. தாண்டவே கூடாது என்று நிபந்தனை வைத்தால் அது சரி. இரண்டு சதவீதம் தாண்டினால் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால், 156 ஓம் வைத்த சுற்று 0.36 மில்லிநொடியில் அடங்கிவிடும். அங்கே ζ 0.78. அதனால்தான் நடைமுறையில் வடிவமைப்பவர்கள் 0.7, 0.8 என்ற மதிப்புகளைச் சுற்றியே வேலை செய்கிறார்கள்.

இந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடித்தவர் பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன். 1853-இல் அவர் ஆராய்ந்தது, நிரம்பிய லெய்டன் ஜாடி எப்படி வெறுமையாகிறது என்பதை. சமன்பாடு நம்முடையதேதான், நிரம்புவதற்குப் பதில் காலியாவது மட்டும் வேறுபாடு. மின்தடை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஊசலாடும் என்று அவர் தாளில் எழுதிக் காட்டினார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் ஃபெடர்சன் என்பவர், தீப்பொறியைச் சுழலும் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்து, அந்த ஊசலாட்டத்தை ஒளிக்கோடுகளாகப் பிரித்துக் காட்டினார். ஆசிலோஸ்கோப் இல்லாத காலம் அது.

இன்று ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 100 ஹெர்ட்ஸ் சதுர அலை வைத்தால் போதும். ஒவ்வொரு அரைச்சுற்றும் 5 மில்லிநொடி நீடிப்பதால், அடுத்த படி வருவதற்குள் சுற்று அடங்கிவிடும். இதையே 1000 ஹெர்ட்ஸில் வைத்தால் ஆட்டம் ஓயுமுன் அடுத்த படி வந்து மோதும்; திரையில் தெரிவது எதற்கும் பயன்படாது.

ஆய்வகத்தில் மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. 40 ஓம் வைத்தாயிற்று, 53 சதவீதம் தாண்ட வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. திரையிலோ 13 சதவீதம்தான் தாண்டுகிறது. கணக்கு பொய்யா? இல்லை. பெரும்பாலான ஃபங்ஷன் ஜெனரேட்டர்களின் வெளியீட்டிலேயே 50 ஓம் தடை ஒளிந்திருக்கிறது. இண்டக்டரின் செப்புக் கம்பிச் சுருளுக்கும் ஒரு தடை உண்டு. அதை 20 ஓம் என்று வையுங்கள். மொத்தம் 110 ஓம். ζ 0.2 அல்ல, 0.55. அந்த மதிப்புக்குரிய தாண்டல் 12.6 சதவீதம்தான். ரெசிஸ்டரின் மேல் உள்ள வண்ணப் பட்டைகளை நம்பாமல், சுற்று முழுவதும் உள்ள தடையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். எவ்வளவு தாண்டுகிறது என்று திரையில் அளந்தால் ζ தெரிந்துவிடும். நான்கில் ஒரு பங்கு தாண்டினால் 0.4, ஆறில் ஒரு பங்கு என்றால் 0.5, ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே என்றால் 0.7. சுருளின் தடை தெரியாதபோது இப்படிப் பின்னோக்கிக் கணக்கிட்டே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் இந்த வழி ஒன்றுக்கு அருகில் போனால் கைவிட்டுவிடும். 180 ஓம் வைத்தால் ζ 0.9. இலக்கணப்படி அது குறைதணிவு. தாண்டலோ 0.15 சதவீதம், 5 வோல்ட்டில் 8 மில்லிவோல்ட்கூட இல்லை. சாதாரண 8 பிட் ஆசிலோஸ்கோப்பில் 8 வோல்ட்டைத் திரை முழுக்க விரித்தால், ஒரு படிநிலையே 31 மில்லிவோல்ட். கண்ணுக்கு எதுவும் தெரியாது. போதாததற்கு, கடையில் வாங்கும் இண்டக்டரும் கெபாசிட்டரும் குறித்த மதிப்பிலிருந்து பத்து சதவீதம் விலகியிருப்பது சகஜம். மாறுநிலைத் தணிவு என்பது தாளில் ஒரு கோடு. மேசையில் அது ஒரு பட்டை.

மிகைதணிவை இண்டக்டரே இல்லாத சுற்றிலிருந்து பிரித்தறிய, அலைவடிவத்தின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் என்றால் முதல் கணமே சாய்வாகக் கிளம்பும். இண்டக்டர் இருந்தால் கோடு தரையோடு படுத்துத் தொடங்கி, பிறகே நிமிரும். இன்னொன்று: கெபாசிட்டருக்குப் பதில் ரெசிஸ்டரின் மேல் அளவு எடுத்தால் தெரிவது மின்னோட்டம். அது மூன்று வகையிலும் ஏறி இறங்கும். ஏறி இறங்குகிறதே என்று குறைதணிவு என்று எழுதிவிடக் கூடாது. பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால்தான் குறைதணிவு.

இதெல்லாம் தேர்வுத்தாளோடு நிற்கும் விஷயம் அல்ல. 24 வோல்ட் அடாப்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனையை ஒரு மின்னணுப் பலகையில் செருகுகிறோம். கேபிளின் தூண்டல் 1 மைக்ரோஹென்றி, பலகையின் வாயிலில் 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், மொத்தத் தடை 0.1 ஓம் என்று கொள்ளுங்கள். ζ 0.16தான் வரும். நுழைவாயிலில் மின்னழுத்தம் 38 வோல்ட்டைத் தொடும். 30 வோல்ட் மட்டுமே தாங்கும் ஐ.சி. அங்கே இருந்தால், செருகிய அந்த நொடியே அதன் ஆயுள் முடிந்துவிடலாம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் நல்லபிள்ளையாக 24 வோல்ட் காட்டும். சில மைக்ரோநொடியில் நடந்து முடிந்ததை அதனால் பிடிக்க முடியாது.

செராமிக் கெபாசிட்டருக்கு உள்தடை மிகக் குறைவு என்பது பொதுவாக அதன் பெருமை. இந்த இடத்தில் அதுவே வினை. அதற்கு இணையாக, சில மடங்கு பெரிய ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைச் சேர்ப்பது வழக்கமான மருந்து. அதன் உள்தடை அரை ஓம் அளவில் இருந்தால் ஆட்டத்தின் ஆற்றலை அது தின்றுவிடும். அப்போது சுற்று எளிய வரிசைச் சுற்றாக இராது, மேலே சொன்ன சூத்திரமும் அப்படியே பொருந்தாது. அதனால் பலகையை வெளியே அனுப்புமுன், செருகும் கணத்தை ஆசிலோஸ்கோப்பில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.