துணி அவர்களுடையது, மெஷின் என்னுடையது: கூலி எவ்வளவு கேட்கலாம்?

ஈரோட்டுப் பக்கம் வீட்டில் வைத்து நைட்டி தைக்கும் வாசகி ஒருவர் கேட்டவை இவை. அவருக்கு வயது 41. காண்ட்ராக்டர் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார். தைத்து, பிசிறு வெட்டி, மடித்துத் திருப்பிக் கொடுத்தால் நைட்டிக்கு 14 ரூபாய். நூலும் இவர் செலவு, கரண்டும் இவர் செலவு.

கேள்வி: "மெஷின் உன்னுடையது, வீடு உன்னுடையது, நேரமும் உன் இஷ்டம். நீ சொந்தத் தொழில் செய்கிறவள், உனக்கு எதற்குச் சம்பளச் சட்டம்?" என்கிறார் காண்ட்ராக்டர். அவர் சொல்வது சரிதானா?

சரியில்லை. இதே வாதத்தை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோய்த் தோற்ற ஒரு நிறுவனம் உண்டு. மகாராஷ்டிரத்தில் கோதாவரி கார்மெண்ட்ஸ் என்ற அரசு சார்ந்த ஆயத்த ஆடை நிறுவனம் வெட்டிய துணி, நூல், பட்டன் எல்லாவற்றையும் பெண்களிடம் கொடுத்தது. அவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் சொந்த மெஷினில் தைத்துக் கொடுத்தார்கள். கூலி பீஸ் கணக்கில். இவர்களுக்கு 1979 முதல் 1991 வரை பி.எஃப். கட்டாததற்காக ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது வருங்கால வைப்பு நிதி அலுவலகம். இவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை என்றது நிறுவனம். உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்தப் பெண்கள் அனைவரும் நிறுவனத்தின் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் எதைப் பார்த்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மெஷின் யாருடையது, தைத்த இடம் எது என்பதை வைத்து அது முடிவு செய்யவில்லை. மூலப்பொருளைக் கொடுத்தவர் யார், தைத்தது சரியில்லை என்று திருப்பித் தள்ளும் அதிகாரம் யாரிடம் இருந்தது, வேலை யாருடைய வியாபாரத்துக்காக நடந்தது என்று பார்த்தது. உங்களுக்குத் துணி வருவது காண்ட்ராக்டரிடமிருந்து. அளவையும் டிசைனையும் சொல்வது அவர். "இது ரிஜக்ட்" என்று தள்ளுவதும் அவர்தான். கடைத்தெருவில் ஒரு மெஷினைப் போட்டு, வருகிறவர்களிடம் ஜாக்கெட்டுக்குத் தானே கூலி சொல்கிற டெய்லர் சொந்தத் தொழில் செய்கிறவர். உங்கள் நிலை அது இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பொருளை வாங்கிப்போய் வீட்டில் வைத்துச் செய்து தருகிறவரையும் தொழிலாளி என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதன் விளக்கத்தில் அந்த வரி இல்லை. என் பார்வையில் இது பெரிய குறை. வீட்டுவேலைத் தொழிலாளர் என்ற பெயர் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது, கூலிக்கான தொகுப்பில் இல்லை. அதனால் இனி இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்டும் ஆதாரம் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும்.

கேள்வி: என்ன ஆதாரம்? எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, அக்ரிமெண்டும் கிடையாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கட்டு வரும்போது அதோடு ஒரு துண்டுச் சீட்டு வருகிறதல்லவா? டிசைன் நம்பர், சைஸ், எத்தனை பீஸ் என்று எழுதியிருக்கும். அதைக் கசக்கிப் போடாதீர்கள். நோட்டில் ஒட்டுங்கள், அல்லது கட்டின் மேலே வைத்துப் போனில் படம் எடுங்கள். பக்கத்தில் வந்த தேதி, கொடுத்த தேதி, எண்ணிக்கை, சொன்ன கூலி, கைக்கு வந்த பணம், திருப்பித் தள்ளிய பீஸ் ஆகியவற்றை எழுதுங்கள். பணத்தை முடிந்தவரை ஜிபேயில் வாங்குங்கள். "நாளைக்குள் 60 பீஸ் வேண்டும்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். நிறுவனத்தின் லேபிள் தைக்கச் சொன்னால் அதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலை கடைசியில் யாருக்குப் போகிறது என்பதை அந்த லேபிள் காட்டிவிடும்.

கேள்வி: 14 ரூபாய் குறைவா, சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பீஸ் கூலிக்கும் நாள் கூலியே அடிப்படை. பீஸுக்கு இவ்வளவு என்று அரசு தனியாக நிர்ணயிக்காத வேலையில், நாள் கணக்கில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது. பழைய சட்டத்திலும் இது இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் உண்டு. அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். அந்த ஆண்டுப் பட்டியல் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

இப்போது உங்கள் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். 90 நைட்டி, வரவு 1,260 ரூபாய். கோன் நூல் 60, கரண்ட் 50, ஊசியும் ஆயிலும் 30, கட்டைத் தூக்கிவர ஆட்டோ 80, ஆக 220 ரூபாய் செலவு. கையில் நிற்பது 1,040. மெஷினில் உட்கார்ந்தது 27 மணி நேரம். பலரும் இதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நூல் பிசிறு வெட்டியது, மடித்தது, எண்ணியது, காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தது எல்லாம் சேர்ந்து இன்னும் 9 மணி நேரம். மொத்தம் 36 மணி நேரம். 1,040ஐ 36ஆல் வகுத்தால் மணிக்கு 29 ரூபாய்கூட வரவில்லை. எட்டு மணி நேரம் உழைத்தால் 231 ரூபாய்.

பட்டியலில் நாளுக்கு 450 ரூபாய் இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உண்மையான எண்ணைப் பட்டியலில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். 36 மணி நேரத்தில் 90 பீஸ் என்றால் ஒரு பீஸுக்கு 24 நிமிடம். எட்டு மணி நேரத்துக்கு 20 பீஸ். 450ஐ 20ஆல் வகுத்தால் 22 ரூபாய் 50 காசு. அதோடு பீஸுக்கு நூல், கரண்ட் வகையில் ஏறத்தாழ 2 ரூபாய் 50 காசு. ஆக, 25 ரூபாய் கேட்க வேண்டிய இடத்தில் 14 வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிச் செலவைத் தனியாகக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை. வீட்டுவேலை பற்றிய 1996ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பரிந்துரை, மின்சாரச் செலவையும் மெஷின் பராமரிப்பையும் ஈடுகட்ட வேண்டும் என்கிறது. அதோடு வந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதனால் அதைக் காட்டி வழக்குப் போட முடியாது, பேரம் பேசலாம்.

காண்ட்ராக்டர் உங்கள் நிமிடக் கணக்கை நம்பமாட்டார். ஒரு கட்டை அவர் முன்னாலேயே தைத்துக் காட்டத் தயாராக இருங்கள். மிகவும் வேகமாகத் தைப்பவரை வைத்து நேரம் பார்த்தால் கூலி குறைந்துவிடும். சுமாரான வேகத்தில் தைக்கும் மூன்று, நான்கு பேரின் நேரத்தை எடுங்கள்.

கேள்வி: போன மாதம் ஆறு நைட்டி ரிஜக்ட் என்று சொல்லி, துணிக் காசையும் சேர்த்துப் பிடித்துவிட்டார். கேட்க முடியுமா?

முடியும். சேதத்துக்காகப் பிடிப்பதற்குச் சட்டத்தில் எல்லை உண்டு. சேதம் உங்கள் கவனக்குறைவால் நேரடியாக வந்திருக்க வேண்டும். பிடிக்கும் தொகை உண்மையான நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். பல நேரம் தப்பு கட்டிங்கிலேயே இருக்கும். முன் துணியும் பின் துணியும் ஒரு விரல் ஏற்ற இறக்கமாக வெட்டப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் பக்கத்தையல் இழுத்துக்கொள்ளும். ஆகவே கட்டைப் பிரித்ததும் மேலும் கீழும் இரண்டு பீஸை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிசகு இருந்தால் தைப்பதற்கு முன்பே படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். தைத்து முடித்த பிறகு சொன்னால் அது உங்கள் தலையில்தான் விழும். காசு பிடித்துவிட்டார் என்றால் அந்த நைட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். காசையும் பிடித்து, அதே துணியை மலிவு விலையில் விற்பதும் நடக்கிறது.

கேள்வி: புகார் கொடுத்தால் அடுத்த வாரம் கட்டே வராது. என்ன செய்வது?

இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். கூலிக் குறைவுக்கான மனுவைத் தொழிலாளி மட்டுமல்ல, பதிவு பெற்ற தொழிற்சங்கமும் கொடுக்கலாம். தெருவில் அதே காண்ட்ராக்டருக்குத் தைக்கும் பத்துப் பேர் சேர்ந்து சங்கம் மூலம் போனால் ஒருவரை மட்டும் வெட்டிவிடுவது கடினம். அவசரமும் இல்லை. முன்பு ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது, புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பாக்கிக் கூலியோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. காண்ட்ராக்டர் கையை விரித்தாலும் விஷயம் முடிந்துவிடாது. கூலி கொடுக்க வேண்டியவர் கொடுக்கத் தவறினால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பாகிறார். லேபிள் படம் அப்போது கைகொடுக்கும்.

கேள்வி: இதெல்லாம் நடக்க நாளாகும். இப்போதே கிடைக்கக்கூடியது என்ன?

நல வாரியம். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தையல் தொழிலாளர்களுக்கென்றே நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் இருக்கிறவர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர் பதிவு செய்யலாம். காண்ட்ராக்டரின் தயவு இதற்குத் தேவையில்லை. tnuwwb.tn.gov.in தளத்தில் பதியலாம். ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு தையல் வேலை செய்வதற்கான பணிச்சான்று வேண்டும். காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட மறுத்தால் தொழிற்சங்கத்தில் வாங்கலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண்ணாடி, விபத்து, மரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. தொகைகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, மகள் கல்யாணத்தின்போது எடுத்துப் பார்த்தால் காலாவதியாகியிருக்கும். முடியும் தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: மாதம் 3,000 ரூபாய் பென்ஷன் என்று ஒன்று சொல்கிறார்களே, அது எனக்கு வருமா?

அது மத்திய அரசின் ஷ்ரம் யோகி மாந்தன் திட்டம். மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்கிற, 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள்தான் சேர முடியும். உங்களுக்கு 41 ஆகிவிட்டதால் முடியாது. உங்களோடு சேர்ந்து தைக்கும் மருமகளுக்கு 29 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மாதம் 100 ரூபாய் கட்டினால் அரசும் 100 ரூபாய் கட்டும், 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 வரும். நடுவில் விட்டுவிடாமல் கட்ட முடியுமா என்று யோசித்துச் சேரட்டும். உங்களுக்கு, வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 70 வயதுவரை எடுக்கலாம். ஆண்டுதோறும் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில் கணக்கில் 20 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். மே மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பதிந்து, பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.