நிதியாதரவு வேண்டும் மடல்

கல்லூரி விழாவிற்கு நிறுவனத்திடம் பொருள் வேண்டி எழுதும் மடல் இருவகைப்படும். கைம்மாறு கருதாமல் தருவதை வேண்டுவது நன்கொடை மடல். தொகைக்கு ஈடாக விளம்பர வாய்ப்பை அளிக்க முன்வருவது நிதியாதரவு மடல். பேச்சுவழக்கில் இதனை ‘ஸ்பான்சர்’ கேட்டல் என்பர்.

இவ்வேறுபாட்டை அறியாமல் எழுதுவோர், விளம்பரம் தருவதாகக் கூறிவிட்டு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தொகை வேண்டுவதுண்டு. விளம்பரப் பயன் கருதி நிறுவனம் அளிக்கும் ஆதரவு, சமூகப் பொறுப்புச் செலவாகாது என்பது இந்திய விதி. எனவே, நிதியாதரவு மடலை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிற்கே அனுப்புதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கல்லூரித் தமிழ் மன்றம் இரண்டு நாள் முத்தமிழ் விழா நடத்துகிறது. மொத்தச் செலவு ரூ.1,20,000. கல்லூரி தருவது ரூ.50,000. பங்கேற்போர் 450 பேர் தலைக்கு ரூ.100 செலுத்தினால் ரூ.45,000 கிடைக்கும். எஞ்சிய ரூ.25,000 பரிசுகளுக்குத் தேவை. மன்றம் அதே ஊரிலுள்ள புத்தக நிலையத்தை நாடுகிறது. விழாவிற்கு வருவோர் நூல் வாங்கும் மாணவர்கள் என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

மன்றத்தின் மடலில் இன்றியமையாத பகுதி பின்வருமாறு:

“பரிசுகளுக்கான ரூ.25,000-ஐத் தங்கள் நிறுவனம் வழங்குமாறு வேண்டுகிறோம். சென்ற ஆண்டு விழாவில் 18 கல்லூரிகளைச் சேர்ந்த 420 மாணவர்கள் பங்கேற்றனர். பதிவேட்டின் படியை இணைத்துள்ளோம். இவ்வாண்டு மேடைப் பதாகையிலும் சான்றிதழ்களிலும் தங்கள் நிறுவனப் பெயர் இடம்பெறும். அரங்க நுழைவாயிலருகே இரண்டு நாளும் நூல் விற்பனைக்கு இடம் தரப்படும். வேறு புத்தக நிலையத்திற்கு இவ்வாய்ப்பு அளிக்கப்படமாட்டாது.”

இம்மடலில் தொகையும் அதன் பயன்பாடும் தெளிவாக உள்ளன. ‘பல்லாயிரவர் காண்பர்’ என்று எழுதியிருந்தால் நிறுவனத்தார் ஐயுறுவர். பதிவேட்டு எண்ணிக்கை அவ்வையத்தை நீக்குகிறது. இறுதித் தொடர் மிகவும் கருதத்தக்கது. ஒரே தொழில் செய்யும் இருவருக்கும் ஒரே வாய்ப்பை உறுதியளித்தால் இருவரும் மனக்குறை கொள்வர். மறுமுறை உதவவும் தயங்குவர்.

மடல் கல்லூரி முதல்வரின் ஒப்புதலுடன், விழாவிற்கு இரண்டு திங்களுக்கு முன்னரே சென்றுசேர்தல் நன்று. பதாகையும் சான்றிதழும் அச்சேறிய பின் ஒப்புதல் கிடைத்தால், உறுதியளித்த பயனைத் தர இயலாது. தொகையை மாணவர் எவரது பெயரிலும் பெறாமல், கல்லூரிக் கணக்கில் காசோலையாகப் பெற்று உரிய பற்றுச்சீட்டு வழங்குதல் வேண்டும்.

விழா முடிந்ததும் பதாகை, விற்பனையிடம் ஆகியவற்றின் ஒளிப்படங்கள், பங்கேற்றோர் எண்ணிக்கை, பரிசுச் செலவுக் கணக்கு ஆகியவற்றை நன்றி மடலுடன் அனுப்புதல் வேண்டும். ஒருவேளை 450 பேருக்கு மாறாக 300 பேரே வந்திருப்பினும், அவ்வெண்ணையே குறிப்பிடல் வேண்டும். அடுத்த ஆண்டு மன்றம் எழுதும் மடலுக்கு அப்பதிவேடே சான்றாக அமையும்.