பங்கு வைத்த காக்கா: நாலு வயதுக்கு ஓர் இரவுக் கதை

காக்கா ஒன்று பங்கு வைக்கக் கற்றுக்கொள்ளும் கதை, குழந்தைக்குத் தெரியாத ஒரு விதியைச் சொல்லித்தரும் கதை அல்ல. நாலு வயதில் அந்த விதி நன்றாகவே தெரிந்திருக்கும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் என்ற மூவரும் 3 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஒட்டுப்படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லா வயதினரும் சமமாகப் பங்கிட வேண்டும் என்றே சொன்னார்கள். கொடுக்கும் நேரம் வந்தபோது சிறியவர்கள் பெரும்பங்கைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். தாங்கள் அப்படித்தான் செய்வோம் என்பதை முன்கூட்டியே சொல்லவும் செய்தார்கள். ஆகவே, 'கொடுப்பது நல்லது' என்று கதை சொல்ல வேண்டியதில்லை. கையில் இருப்பது குறையப்போகிறதே என்ற அந்த நொடியின் வலியைத்தான் கதை தொட வேண்டும்.

இதற்குக் காக்காவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வசதி உண்டு. இரை கண்டால் கரைந்து இனத்தைக் கூப்பிடும் பறவை என்றுதான் தமிழர்கள் அதைச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் கிடைத்ததை ஓட்டிடுக்கிலும் கூரைச் சந்திலும் ஒளித்துவைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. இரண்டும் ஒரே பறவையின் குணங்கள். ஒளித்துவைப்பதில் தொடங்கி, கூப்பிடுவதில் முடிகிற கதைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் அமையாது.

கதைக்கு இரண்டு காக்கா போதும். மூன்றாவது வந்தால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில் நாலு வயதுக்குக் குழப்பம் வந்துவிடும். பங்கிடும் பொருள் பிய்த்துக் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். பொம்மை என்றால் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம், முறைவைத்து விளையாடலாம். அது வேறு கதை. தின்பண்டம் கொடுத்தால் போனதுதான். வடை எடுத்தால் பாட்டியும் நரியும் கூடவே வந்துவிடுவார்கள். அதனால் இங்கே தோசை.

கதை இப்படிப் போகலாம்:

ஒரு ஊர்ல சுப்புன்னு ஒரு காக்கா. அதுக்கு ஒரு நாள் மாடிச் சுவர்ல ஒரு தோசை கிடைச்சுது. நல்ல மொறுமொறு தோசை! "இது என்னோடது, கா!"ன்னு தூக்கிட்டுப் பறந்துபோய், ஓட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுது. திரும்பிப் பார்த்தா, சின்னுன்னு ஒரு குட்டிக் காக்கா உட்கார்ந்திருக்கு. "இது என்னோடது, கா!"ன்னு சுப்பு மறுபடியும் தூக்கிட்டுப் போய்த் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிச்சுது. அங்கயும் சின்னு. தென்னை மரத்துக்குப் போச்சு. அங்கயும் சின்னு! சின்னு ஒண்ணுமே கேட்கல. அதோட வயிறு மட்டும் "குர்ர்ர்"னு கேட்டுது.

சுப்பு தோசையைப் பார்த்துது. சின்னுவைப் பார்த்துது. கொடுத்தா தோசை சின்னதாயிடுமே! கொடுக்கலாமா, வேண்டாமா? ரொம்ப நேரம் யோசிச்சுது. அப்புறம் மூக்கால ஒரு ஓரத்தைப் பிய்ச்சு, "இந்தா, கா"ன்னுச்சு. சின்னு லபக்குனு முழுங்கிட்டு, சுப்பு பக்கத்துல நகர்ந்து உட்கார்ந்துது. சுப்பு இன்னொரு துண்டு பிய்ச்சுது. சின்னுவுக்கு ஒரு வாய், சுப்புவுக்கு ஒரு வாய். தோசை தீர்ந்துபோச்சு. இருட்டிப்போச்சு. எல்லாக் காக்காவும் மரத்துக்குத் திரும்பி வந்துது. சுப்புவும் சின்னுவும் ஒரே கிளையில உட்கார்ந்து, கண்ணை மூடித் தூங்கிடுச்சு.

இதில் கவனிக்க வேண்டிய இடம் 'கொடுக்கலாமா, வேண்டாமா?' என்ற கேள்வி. சொல்பவர் அங்கே மூச்சுவிட்டு நிறுத்த வேண்டும். சின்னு அழுது கெஞ்சினாலோ, பெரிய காக்கா வந்து மிரட்டினாலோ சுப்புவுக்கு வேறு வழியில்லாமல் போகும். நதியா செர்னியாக், தாமர் குஷ்னிர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. தனக்குப் பிடித்த பொருளைத் தானே மனமுவந்து விட்டுக்கொடுத்த சிறு பிள்ளைகள், கொடுக்கும்படி சொல்லப்பட்டுக் கொடுத்தவர்களைவிட அடுத்த முறை அதிகம் பங்கிட்டார்கள். சுப்புவின் தயக்கத்தை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது என்பது இதனால்தான். அந்த இடத்தில் குழந்தை "கொடுக்காதே!" என்று கத்தினால் திருத்தவும் வேண்டாம். "சுப்புவும் அப்படித்தான் நினைச்சுது" என்று சொல்லி, அது இன்னும் கொஞ்சம் யோசிப்பதாகக் கதையை நீட்டினால் போதும்.

பலரும் சறுக்கும் இடம் முடிவு. கொடுக்காத காக்காவின் தோசை ஆற்றில் விழுந்தது என்று முடித்தால், குழந்தைக்கு மிஞ்சுவது இழப்பின் பயம். தூங்கப்போகும் நேரத்துக்கு அது ஆகாது. உண்மை பேசுவது பற்றி 2014இல் காங் லீ குழுவினர் செய்த ஆய்வில், பொய் சொன்னவன் துன்பப்படும் கதைகள் பிள்ளைகளின் பொய்யைக் குறைக்கவில்லை. உண்மை சொன்னவன் பாராட்டுப் பெறும் கதை குறைத்தது. மறுபக்கம், கொடுத்த காக்காவுக்கு மறுநாள் இரண்டு தோசை கிடைத்தது என்று முடிப்பதும் சரியல்ல. அது பங்கிடுதலைக் கொடுக்கல் வாங்கலாக்கிவிடும். வீட்டில் கொடுத்துப் பார்த்து இரண்டாகத் திரும்பாதபோது குழந்தை ஏமாந்துபோகும். சுப்புவுக்குத் தோசை குறைந்ததுதான். கிடைத்தது, பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்த ஒரு துணை. அந்த அளவு உண்மை போதும்.

விலங்குக் கதைக்கென்று ஒரு வரம்பும் இருக்கிறது. டொராண்டோவில் நிகோல் லார்சன், காங் லீ, பாட்ரிசியா கனேயா மூவரும் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு, ரக்கூன் குட்டி பங்கிடக் கற்றுக்கொள்ளும் படக்கதை ஒன்றைப் படித்துக் காட்டினார்கள். வேறு சில பிள்ளைகளுக்கு அதே கதையை, விலங்குகளின் இடத்தில் மனிதர்களை வைத்துப் படித்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவுகளின்படி, மனிதர் கதை கேட்டவர்கள் தங்கள் ஒட்டுப்படங்களை முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். ரக்கூன் கதை கேட்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. ஆனால், விலங்குகளும் நம்மைப்போல் நினைக்கும், பேசும் என்று எண்ணிய பிள்ளைகள் விலங்குக் கதைக்குப் பிறகும் கூடுதலாகப் பங்கிட்டார்கள். ஒரே புத்தகம், ஒரே அமர்வு, படித்த உடனே அளந்த அளவு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் கதைசொல்லிக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது: சுப்பு குழந்தையைப்போலவே நினைக்க வேண்டும். 'தோசை சின்னதாயிடுமே' என்ற கவலை கதையில் இருப்பது அதற்காகத்தான்.

கதை முடிந்ததும் "நீயும் தம்பிக்கு இப்படிக் கொடுக்கணும், சரியா?" என்று சேர்க்கும் ஒரு வரி, அதுவரை செய்ததைக் கெடுத்துவிடும், குழந்தை தன்னை அந்தக் காக்காவாக எண்ணிக்கொண்டிருந்த நேரம் போய், குற்றம் சாட்டப்படும் நேரமாக அது மாறிவிடும். கேள்வி கேட்பது வேறு. "சின்னு பக்கத்துல வந்து உட்கார்ந்ததும் சுப்புவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று காலையில் சுவரில் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது கேட்கலாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் இரவும் அதே கதையைக் கேட்டால், அது பிடித்துவிட்டது என்று பொருள், அப்போது "இது என்னோடது, கா!" என்ற வரியைக் குழந்தையையே சொல்லவிடுங்கள்.