கழுத்தில் பொரிகிறதா? ரேசரைப் பாருங்கள்

சவரம் செய்த மறுநாள் தாடைக்குக் கீழே சிவந்த பருக்கள் கிளம்பினால், பலர் சோப்பைத்தான் குறை சொல்வார்கள். தடித்த, சுருண்ட முடி உள்ளவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் ரேசர்தான். மூன்று, ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜில் முன் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வருவது அறுக்கிறது. வெட்டுப்பட்ட முனை தோலுக்குள் இறங்கி, வளரும்போது வெளியே வர வழியின்றி உள்ளேயே குத்துகிறது. பருவின் நடுவே வளைந்த முடி கறுப்பாகத் தெரிந்தால் இதுதான்.

ஒற்றை பிளேடு போடும் சேஃப்டி ரேசர் அவ்வளவு ஆழமாக வெட்டாது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் தாடியை ஊறவிட்டு, நுரை பூசி, ரேசரைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். கழுத்தில் அந்தத் திசை பக்கவாட்டிலும் ஓடும். விரலால் தடவினால் தெரியும். பிளேடு முடியைப் பிடித்து இழுத்தால் உடனே மாற்றுங்கள். கை பழகும்வரை ஒன்றிரண்டு கீறல் விழும்.

அப்படியும் பொரிந்தால், எலக்ட்ரிக் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவதே நல்லது. வழவழப்பு கிடைக்காது, முடியும் உள்ளே புதையாது. முடி மெல்லியதாக இருந்து தோல் மட்டும் எரிகிறவர்களுக்குக் கார்ட்ரிட்ஜே போதும். சீழ் வைத்தால் சவரத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.