ஞானாம்பாள் ஏன் ஆண் வேடம் பூண்டாள்?

தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. விடை தெரிந்த அளவுக்கு நாவலைப் படித்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். எனக்கும் அதை மறுபடி எடுத்துப் படிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. இங்கே கல்லூரியில் இளங்கலை படிக்கும் என் அக்காள் மகள், அந்த நாவலின் பெண் பாத்திரங்களைப் பெண்ணிய நோக்கில் ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும் என்று வந்து நின்றாள்.

அவள் முதலில் எழுதிய கட்டுரையை ஆசிரியை திருப்பிக் கொடுத்திருந்தார். "இது பாராட்டுப் பத்திரம். ஆராய்ச்சி எங்கே?" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. ஞானாம்பாள் அறிவுடையவள், கற்புடையவள், கணவனைக் காப்பவள். மாமியார் சுந்தரத்தண்ணி ஊரே மதிக்கும் விவேகி. இப்படி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நற்சான்று எழுதி முடித்திருந்தாள். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் நற்குணங்களை அடுக்குவது பெண்ணிய வாசிப்பு ஆகாது. ஆண்களைத் திட்டுவதும் ஆகாது. நம் வீடுகளில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதையில் யார் பேசுகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், முடிவெடுக்கும் உரிமையைப் பெற ஒரு பெண் எதை விலையாகக் கொடுக்கிறாள் என்று கேட்பதே அந்த வாசிப்பு. அந்தக் கேள்விகளோடு இருவரும் நாவலை முதலிலிருந்து படித்தோம்.

கதை யார் வாயில்?

முதலில் கண்ணில் படுவது தலைப்புதான். கதை பிரதாப முதலியாருடையது. அவனே 'நான்' என்று சொல்லிச் செல்கிறான். ஆனால் கதையை நகர்த்துகிறவள் ஞானாம்பாள். செல்வக் குடும்பத்தில் செல்லமாக வளர்ந்த பிரதாபனுக்குச் சிறு வயதில் படிப்பில் நாட்டமில்லை. படிப்பிலும் புத்தியிலும் அவனை மிஞ்சுகிறவள் அவள். பிற்பாடு கணவன் காணாமற்போகும்போது தேடிப் புறப்படுகிறவளும் அவளே. இருந்தும் அவள் சாதித்தவை எல்லாம் கணவன் சொல்லித்தான் நமக்குத் தெரிகின்றன. அவன் இல்லாத இடத்தில் நடந்ததைக்கூட அவன் வாய்வழியாகவே கேட்கிறோம்.

இங்கே மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரதாபன் பேசுவதையெல்லாம் வேதநாயகம் பிள்ளை பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள். கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு. தன் அசட்டுத்தனங்களைத் தானே சொல்லி நம்மைச் சிரிக்கவைக்கும் ஒருவனைக் கதைசொல்லியாக ஆசிரியர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். கணவன் அசடாகத் தெரியத் தெரிய மனைவி உயர்ந்து தெரிகிறாள். ஆகவே 'ஆண் கதை சொல்வதால் பெண் அடக்கப்படுகிறாள்' என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. அதற்குச் சான்றும் உண்டு, மறுப்பும் உண்டு. இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

விக்கிரமபுரிச் சிம்மாசனம்

எங்கள் கட்டுரைக்கு மையமாக ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டோம். கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் உடை தரித்துத் தேடிப் போகிறாள். வழியில் விக்கிரமபுரி என்னும் ஊர். அங்கே அரசன் இல்லை. பழைய கதைகளில் வருவதுபோலப் பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுத்து அனுப்ப, அது அவள் கழுத்தில் போட்டுவிடுகிறது. ஊரார் அவளை ஆண் என்றே நம்பி அரியணையில் அமர்த்துகிறார்கள். அவள் நீதி வழங்குகிறாள், நிர்வாகத்தைச் சீர்செய்கிறாள், பிரிந்த கணவனையும் அடைகிறாள். முடிவில் தான் பெண் என்பதைத் தெரிவித்து, அரச குலத்துப் பெண்ணான ஆனந்தவல்லிக்கு முடிசூட்டிவிட்டுக் கணவனோடு ஊர் திரும்புகிறாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "அல்லி ராஜ்ஜியம்னு சொல்வாங்களே, அது மாதிரியா?" என்றார்கள். அந்தக் கேள்வி கட்டுரைக்கு மிகவும் உதவியது. கிராமத்துக் கதைப்பாடல்களில் மதுரையை ஆளும் அல்லி பெண்ணாகவே ஆள்கிறாள். அதனால் எல்லோருக்கும் அவளிடம் பயம். அர்ச்சுனன் தந்திரமாக, அவள் தூங்கும்போது தாலி கட்டி அவளை வசப்படுத்துவதில்தான் கதைக்கே ருசி. இன்றும் ஒரு வீட்டில் பெண் சொல் எடுபட்டால் 'அல்லி ராஜ்ஜியம்' என்று கேலி செய்கிறோம். ஞானாம்பாளை யாரும் அப்படிக் கேலி செய்யவில்லை. அவள் முன்பே மணமானவள். கணவனைத் தேடித்தான் புறப்பட்டாள். ஆண் உடையில் இருந்தாள். பெண் உருவில் ஆண்டவளை அடக்க வேண்டியிருந்தது. ஆண் உருவில் ஆண்டவள் தானாகவே வீடு திரும்பிவிட்டாள். இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தபோது, ஒரு பெண் ஆள்வதை வாசகர்கள் ஏற்கும்படி சொல்ல ஆசிரியருக்கு எத்தனை பாதுகாப்புகள் தேவைப்பட்டன என்பது தெரிந்தது.

ஆசிரியர் இருந்த நாற்காலி

வேதநாயகம் பிள்ளை (1826-1889) மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாக இருந்தவர். பெண் கல்விக்காக வாதாடியவர். அதற்கென்றே நூலும் எழுதியவர். அவர் அன்றாடம் அமர்ந்த நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்காடியாகவோ சாட்சியாகவோ வந்து நிற்கலாம்; வக்கீலாகவோ நீதிபதியாகவோ அமர முடியாது. இந்தியாவில் முதன்முதலாக இரண்டு பெண்கள் பட்டதாரிகளானது 1883ல், அதாவது இந்த நாவல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து, கல்கத்தாவில். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1921ல். பெண் என்ற காரணத்தால் ஒருவரை வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1923ல்.

இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்ததும் ஆண் வேடத்துக்கு வேறு ஒரு பொருள் தெரிந்தது. வேடம் மாறுவது பழைய கதைகளின் சுவாரசியத்துக்கான உத்தி என்று முதலில் நினைத்திருந்தோம். ஆனால் 1879ல் நீதி வழங்கும் இருக்கைக்கு ஒரு பெண் போய்ச் சேர வேறு வாசலே இல்லை. அந்த வாசலின் உள்ளே உத்தியோகம் பார்த்த ஒருவருக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரியணையில் ஞானாம்பாள் பேசும் பல விஷயங்கள் முன்சீப்பின் சொந்தக் கருத்துகளே. தமிழ் நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு தமிழில் நடக்க வேண்டும், மக்களுக்கு விளங்காத மொழியில் வாதாடுவது முறையல்ல என்ற வாதம் அவற்றில் முக்கியமானது. அப்படியானால் அங்கே பேசுவது ஞானாம்பாளா, அவள் வாயில் வேதநாயகம் பிள்ளையா? ஆணின் உடைக்கு மேல் ஆசிரியரின் கருத்தையும் அவள் அணிந்திருக்கிறாள் என்று ஒருவர் வாதிடலாம். அந்தக் காலத்தில் ஒரு நீதிபதி தன் மிக முக்கியமான வாதத்தைச் சொல்ல ஒரு பெண்ணின் வாயைத் தேர்ந்தெடுத்தாரே என்று இன்னொருவர் பதில் சொல்லலாம். நல்ல கட்டுரை இதில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்துக்கும் இடம் கொடுக்கும்.

எதிர்ச் சான்று

'இந்த நாவலில் பெண்ணாக இருந்துகொண்டு ஒருத்தி ஆள முடியாது' என்று என் மருமகள் துணிச்சலாக ஒரு முடிவு எழுதினாள். "அப்படியானால் ஆனந்தவல்லி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனந்தவல்லி எந்த வேடமும் இல்லாமல் முடிசூட்டிக்கொள்கிறாள். முடிவை ஒரேயடியாகக் கைவிட வேண்டுமா என்று மறுபடி அந்தப் பகுதியைப் படித்தோம். அப்போது ஒரு வேற்றுமை புலப்பட்டது. ஆனந்தவல்லிக்கு அரசுரிமை பிறப்பால் வந்தது. ஞானாம்பாளின் தகுதி முழுவதும் அவள் படித்த படிப்பும் சொந்தப் புத்தியும். குலம் இருந்தால் பெண்ணாகவே ஆளலாம். திறமை மட்டும் இருந்தால் ஆணாக வந்தாக வேண்டும். சுந்தரத்தண்ணிக்குக் கிடைக்கும் மரியாதையும் தாய், குடும்பத் தலைவி என்ற நிலையிலிருந்தே தொடங்குகிறது. எதிர்ச் சான்றை மறைக்காமல் எடுத்துக்கொண்டதால் வாதம் பலப்பட்டதே தவிரக் குறையவில்லை.

இறுதியில் அவள் கட்டுரையின் முதல் பத்தியில் எழுதிய கருத்து இது: 'வேடம் போட்ட பிறகு ஞானாம்பாளின் அறிவு கூடவில்லை, கலைத்த பிறகு குறையவுமில்லை. மாறியது உடை மட்டுமே. ஆகவே அவளைத் தடுத்தது அவள் தகுதிக் குறைவல்ல, பார்ப்பவர்களின் பழக்கம் என்பதை நாவல் காட்டுகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தை மாற்றத் துணியாமல் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.' இதில் பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. இரண்டுக்கும் நாவலிலேயே இடம் காட்டலாம். 1879ல் எழுதியவரை இன்றைய அளவுகோலால் அடிக்கவும் இல்லை, 'அந்தக் காலத்தில் இவ்வளவாவது சொன்னாரே' என்று தட்டிக்கொடுத்து விட்டுவிடவும் இல்லை.

ஆசிரியை இந்த முறை கட்டுரையைத் திருப்பவில்லை. ஆனந்தவல்லி பற்றிய பத்தியின் ஓரத்தில், 'இதை இன்னும் விரித்து எழுது' என்று மட்டும் குறித்திருந்தார்.

நம் தீவுகளில் தமிழ்ப் புத்தகம் கிடைப்பது அரிது. சென்னையிலிருந்து கப்பலில் வர மூன்று நாள் ஆகும் என்று இனி நம் பிள்ளைகள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காப்புரிமைக் காலம் கடந்த நூல் இது. 'மதுரைத் திட்டம்' என்னும் இணைய நூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் கட்டுரையில் பக்க எண் காட்ட வேண்டுமானால் அச்சுப் பதிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது; பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். எந்தப் பதிப்பு என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் இருக்கும் பாட்டிமாரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் இல்லாத அல்லியை எங்கள் வீட்டில் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.